பேஜர் வாரம்: நள்ளிரவில் அலர்ட் அடித்தால் என்ன செய்வது?

ஒப்படைப்பு பெரும்பாலும் ஒரு வாரநாள் காலையில் நடக்கிறது. சென்ற ஏழு நாட்கள் ஆன்-காலில் இருந்த பொறியாளர், அடுத்து ஏற்கப்போகிறவருடன் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறார். எந்த இரவில் என்ன அலர்ட் வந்தது, எது முழுதாகத் தீர்ந்தது, எது இன்னும் ஒட்டுப்போட்ட நிலையில் ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வாரம் யார் எந்தப் புதிய பதிப்பை வெளியிடப்போகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். பேசி முடித்ததும் அட்டவணையில் பெயர் மாறுகிறது. அந்த நேரத்திலிருந்து, சேவையில் எங்கே கோளாறு வந்தாலும் முதலில் ஒலிப்பது புதியவரின் கைபேசிதான்.

ஒரு காலத்தில் இடுப்பு வாரில் செருகிக்கொண்ட சிறிய பேஜர் கருவிக்குப் பதிலாக இன்று கைபேசிச் செயலி வந்துவிட்டது. ஆனாலும் "பேஜ் வந்தது", "இந்த வாரம் பேஜர் என்னிடம்" என்றுதான் பொறியாளர்கள் பேசுகிறார்கள். பேஜர் கையில் இருக்கும் வாரத்தில் கல்யாணத்துக்குப் போகலாம், ஆனால் லேப்டாப் கூடவே வர வேண்டும். சிக்னல் கிடைக்காத மலைப்பாதையில் பயணம் போக முடியாது. கைபேசியை அமைதி நிலையில் வைத்துத் தூங்கினாலும், பேஜர் செயலியின் ஒலிக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க, வாரம் தொடங்கும் நாளிலேயே ஒரு சோதனை அலர்ட்டைத் தனக்குத் தானே அனுப்பிப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரவில் ஒருவரை எழுப்புவது இன்னொரு மனிதர் அல்ல. சேவையை இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கும் கண்காணிப்பு மென்பொருள் அந்த வேலையைச் செய்கிறது. கடந்த ஐந்து நிமிடங்களில் பணம் செலுத்த முயன்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் தோல்வி கண்டால் அலர்ட் அனுப்பு என்பது போல ஒரு விதி அதில் எழுதப்பட்டிருக்கும். விதி மீறப்பட்டதும் கைபேசி ஒலிக்கிறது. பொறியாளர் "அக்நாலட்ஜ்" பொத்தானை அழுத்த வேண்டும். "பார்த்துவிட்டேன், இது என் பொறுப்பு" என்று சொல்வதுதான் அது. குறித்த நிமிடங்களுக்குள் அவர் அழுத்தவில்லை என்றால், அலர்ட் தானாகவே இரண்டாம் ஆளுக்குப் போகிறது. அவரும் எழவில்லை என்றால் குழுத் தலைவருக்குப் போகும். முதல் ஆளை பிரைமரி என்றும் இரண்டாம் ஆளை செகண்டரி என்றும் அழைக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்கு எத்தனை பேர் தேவை என்பதை 2016இல் வெளிவந்த கூகுளின் 'சைட் ரிலையபிலிட்டி எஞ்சினியரிங்' நூல் கணக்குப் போட்டுக் காட்டியது. ஒரே ஊரில் உள்ள குழு என்றால் குறைந்தது எட்டுப் பேர். எப்போதும் ஒரு பிரைமரி, ஒரு செகண்டரி என்று இருவர் தயாராக இருக்க வேண்டும் என்பதால், எட்டுப் பேர் இருந்தால்தான் ஒருவருக்கு மாதத்தில் ஒரு வாரத்துக்கு மேல் சுமை ஏறாது. இரண்டு ஊர்களில் பிரித்து வைத்தால் ஊருக்கு ஆறு பேர் போதும் என்கிறது அந்த நூல். அதற்கு வேறொரு நன்மையும் உண்டு. சென்னையில் அதிகாலை இரண்டரை மணி ஆகும்போது சான் பிரான்சிஸ்கோவில் முந்தைய நாளின் பிற்பகல். இரு ஊர்களிலும் தேர்ந்தவர்கள் இருந்தால் யாரும் நடுராத்திரியில் எழத் தேவையே இல்லை. ஆனால் நடைமுறையில் மூன்று பேர், நான்கு பேர் மட்டுமே உள்ள குழுக்கள் ஏராளம். அவர்களுக்கு ஒரு வாரம் விட்டு ஒரு வாரமோ அதைவிட அடிக்கடியோ ஏதோ ஒரு பொறுப்பில் பேஜர் வந்து நிற்கிறது.

இனி, அலர்ட் அடிக்கும் அந்த இரவுக்கு வருவோம்.

ஆழ்ந்த உறக்கத்திலிருந்து திடீரென எழுப்பப்பட்டவரின் மூளை உடனே முழுதாக விழிப்பதில்லை. கால் மணி முதல் அரை மணி நேரம் வரை, சில சமயம் அதற்கு மேலும், கவனமும் நினைவும் முடிவெடுக்கும் திறனும் மந்தமாகவே இருக்கும். கண் திறந்திருக்கும், கை தட்டச்சு செய்யும், தான் தெளிவாக இருப்பதாகவே அவருக்குத் தோன்றும். ஆனால் பகலில் ஒரு பார்வையில் பிடித்துவிடும் பிழை இப்போது கண்ணில் படாது. இரவு ஆன்-காலின் நடைமுறைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் உடலின் இந்த உண்மைதான் இருக்கிறது. இதை ஒப்புக்கொள்ளாத எந்த நடைமுறையையும் நான் நம்பமாட்டேன்.

ஆகவே அக்நாலட்ஜ் அழுத்தியதும் முதலில் செய்ய வேண்டியது, படுக்கையிலிருந்து எழுந்து விளக்கைப் போட்டு, முகம் கழுவி, நாற்காலியில் உட்கார்வது. போர்வைக்குள் இருந்தபடி கைபேசியிலேயே சர்வருக்குள் நுழைந்து ஏதாவது செய்து முடித்துவிட்டுத் தூங்கலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. எழுந்து போய் உட்காரும் இரண்டு நிமிடத் தாமதத்தால் கெடுவது குறைவு.

அடுத்து, அலர்ட்டில் எழுதியிருப்பதை முழுதாகப் படிக்க வேண்டும். எந்தச் சேவை, எந்த எல்லை மீறப்பட்டது, எத்தனை நிமிடமாக என்பதெல்லாம் அதில் இருக்கும். நன்றாக நடக்கும் குழுக்களில் ஒவ்வொரு அலர்ட்டிலும் ஒரு ரன்புக்கின் இணைப்பும் இருக்கும். இந்த அலர்ட் வந்தால் எதைப் பார்க்க வேண்டும், என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று பகலில், தெளிந்த மூளையோடு யாரோ எழுதி வைத்த குறிப்பு அது. அதைப் படித்தபின் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது உண்மையா, அல்லது அளக்கும் கருவியின் கோளாறா? உண்மை என்றால் பயனாளர் யாருக்காவது இப்போது பாதிப்பு இருக்கிறதா? அந்தப் பாதிப்பு கூடிக்கொண்டு போகிறதா, அப்படியே நிற்கிறதா? மூன்றாவது கேள்வியின் பதில்தான் எவ்வளவு வேகமாக நகர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது.

பலரும் இங்கேதான் வழி தவறுகிறார்கள். "ஏன் இப்படி ஆனது?" என்று தேடத் தொடங்கிவிடுகிறார்கள். பொறியாளருக்கு அந்தக் கேள்வி இயல்பானது, இனிமையானதும்கூட. ஆனால் இரவில் அவருடைய வேலை காரணத்தைக் கண்டுபிடிப்பது அல்ல, பயனாளருக்கு நேரும் பாதிப்பை நிறுத்துவது. காரணம் தெரியாமலேயே பாதிப்பை நிறுத்திவிட முடியும் என்பது இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அதனால் ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம்.

ஒரு நிறுவனத்தின் பணம் செலுத்தும் சேவைக்கு மாலை ஆறரை மணிக்குப் புதிய பதிப்பு வெளியாகிறது. எல்லாம் சரியாக ஓடுகிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். இரவு 2.17க்கு அலர்ட். பணம் செலுத்துவோரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குத் தோல்வி. பொறியாளர் டேஷ்போர்டைத் திறந்து பார்க்கிறார். தோல்வி விகிதம் ஒன்றே முக்கால் மணிக்குத் தொடங்கி மெல்ல ஏறியிருக்கிறது. சேவைக்கும் டேட்டாபேஸுக்கும் இடையே ஒரே நேரத்தில் நூறு இணைப்புகள்தான் திறந்திருக்கலாம் என்பது அங்குள்ள எல்லை. அந்த நூறும் நிரம்பியிருக்கின்றன. நள்ளிரவில் வாடிக்கையாளர்கள் குறைவு, இருபதுகூடத் தேவைப்படக் கூடாது. இணைப்புகளின் வரைபடத்தைப் பின்னோக்கி இழுத்துப் பார்த்தால், ஆறரை மணியிலிருந்து அது ஒரே சீராக ஏறிக்கொண்டே வந்திருப்பது தெரிகிறது. புதிய பதிப்பு திறக்கும் இணைப்புகளில் சில மூடப்படாமலேயே நின்றுவிடுகின்றன. எட்டு மணி நேரம் சேர்ந்து சேர்ந்து இப்போது வழி அடைத்துவிட்டது.

இந்த இடத்தில் அவர் முன்னால் மூன்று பாதைகள் உள்ளன. நிரலைத் திறந்து எந்த வரியில் இணைப்பு மூடப்படாமல் விடுபட்டது என்று தேடித் திருத்தலாம். சேவையை நிறுத்தி மறுபடி தொடங்கலாம். அல்லது ரோல்பேக் செய்யலாம், அதாவது மாலைக்கு முன்பிருந்த பழைய பதிப்பைத் திரும்ப வைக்கலாம். முதல் பாதை இரவுக்கு உரியதல்ல. அரைத் தூக்கத்தில் எழுதி, யாரும் சரிபார்க்காமல் வெளியிடும் திருத்தம் அடுத்த அலர்ட்டுக்கு விதை. இரண்டாவது பாதை உடனே பலன் தரும், ஆனால் இணைப்புகள் மறுபடி நிரம்பத் தொடங்கும், காலையில் கூட்டம் ஏறும் நேரத்தில் இன்னும் வேகமாக நிரம்பும். மூன்றாவதே சரியான வழி. கோளாறுகளில் சுமார் 70 விழுக்காடு, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் யாரோ செய்த மாற்றத்தால் வருபவை என்று கூகுளின் நூல் சொல்கிறது. அதனால் "சமீபத்தில் என்ன மாறியது?" என்று பார்த்து, அந்த மாற்றத்தைத் திரும்பப் பெறுவது பெரும்பாலான இரவுகளில் போதுமான சிகிச்சை.

பெரும்பாலான இரவுகளில் என்றுதான் சொன்னேன். அந்த மாலை வெளியீட்டில் டேட்டாபேஸின் அட்டவணை அமைப்பும் மாற்றப்பட்டிருந்தால் கதை வேறு. உதாரணமாக, பழைய பதிப்பு படிக்கும் ஒரு பத்தியைப் புதிய வெளியீடு நீக்கியிருக்கலாம். அப்போது பழைய பதிப்பைத் திரும்ப வைத்தால், நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு இருந்த தோல்வி நூறு பேருக்கும் ஆகிவிடும். ஆகவே ரோல்பேக் பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்த வெளியீட்டின் குறிப்பில் டேட்டாபேஸ் மாற்றம் எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், செகண்டரியை எழுப்ப வேண்டும்.

"சாரி, தூக்கத்துல எழுப்பிட்டேன். பேமென்ட் ஃபெயில் ஆயிட்டிருக்கு. ரோல்பேக் பண்ணலாம்னு பாத்தேன், ஆனா சாயந்திர ரிலீஸ்ல டேபிள் மாத்திருக்காங்க. கூட இருந்து பாருங்க."

"இருங்க, லேப்டாப் எடுத்துக்கறேன். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. இப்போதைக்கு ரீஸ்டார்ட் மட்டும் பண்ணி நேரம் வாங்கிக்கலாமா, சொல்லுங்க."

இந்த உரையாடல் நடக்கத் தயங்கும் குழுக்கள் உண்டு. இன்னொருவரின் தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்ற கூச்சம், புதிதாகச் சேர்ந்தவருக்குத் "தெரியவில்லை என்று நினைத்துவிடுவார்களோ" என்ற பயம். செகண்டரி இருப்பதே எழுப்பப்படுவதற்காகத்தான். இரண்டு மணிக்கு எழுப்பியதற்காகச் சலித்துக்கொள்ளும் மூத்தவர் ஒருவர் இருந்தால், அடுத்த முறை அவரை யாரும் எழுப்பமாட்டார்கள். அந்த முறைதான் பெரிய இழப்பு நேரும்.

இரவில் செய்யத் தகுந்தவை எவை, தகாதவை எவை என்பதற்கு என்னிடம் உள்ள அளவுகோல் ஒன்றுதான். செய்ததை ஐந்து நிமிடத்தில் திரும்பப் பெற முடியுமா? பழைய பதிப்புக்குப் போவது, ஒரு புதிய வசதியை மட்டும் அணைத்து வைப்பது, கூடுதலாக இரண்டு சர்வர்களை இயக்குவது, பழுதான சர்வரிலிருந்து போக்குவரத்தை விலக்குவது ஆகியவை எல்லாம் திரும்பப் பெறத் தக்கவை. அழிப்பது திரும்பப் பெற முடியாதது. இந்த வேறுபாட்டை உலகமே பார்க்கும்படி எடுத்துக்காட்டிய ஓர் இரவு உண்டு.

2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற தளம். தன் தவறுகளை மறைக்காமல் வெளியிடுவதை வழக்கமாக வைத்திருக்கும் நிறுவனம் அது. அன்று நடந்ததை நேரவாரியாக அவர்களே எழுதி வெளியிட்டார்கள். அதனால்தான் இதை நாம் இவ்வளவு துல்லியமாக அறிய முடிகிறது.

அவர்களிடம் டேட்டாபேஸ் சர்வர்கள் இரண்டு. db1 முதன்மை, db2 அதன் நகல். கடையில் ஒருவர் கணக்கு எழுத எழுத, பக்கத்தில் உட்கார்ந்த இன்னொருவர் அதே வரிகளை வேறொரு பேரேட்டில் எழுதிக்கொண்டே வருவதுபோல, db1இல் பதிவாகும் ஒவ்வொன்றும் db2இலும் பதிவாகும். வாடிக்கையாளர்களின் வேலை முழுக்க db1இல் நடக்கும். db1 விழுந்தால் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளத்தான் db2.

அன்று மாலையிலிருந்து டேட்டாபேஸின் மேல் சுமை ஏறியது. ஸ்பேம் அனுப்புவோரின் வேலை என்று கருதினார்கள். தவறுதலாகக் குற்றம்சாட்டப்பட்ட ஒரு கணக்கை நீக்கும் பின்னணி வேலையும் சேர்ந்து சுமையைக் கூட்டியது என்பது பிறகு தெரிந்தது. உலகப் பொது நேரப்படி இரவு பத்து மணியளவில் பேஜ் வந்தது. எழுதும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் db2 சுமார் 4 ஜிபி பின்தங்கி, நகலெடுப்பது நின்றேபோயிருந்தது. ஒரு பொறியாளர் அதைச் சரிசெய்ய இறங்கினார். "நேரமாகிவிட்டது, நான் கிளம்புகிறேன்" என்று அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இந்தக் கோளாறு வந்ததால் இருந்துவிட்டார்.

நகலைப் புதிதாகத் தொடங்குவதற்கு db2இல் உள்ள பழைய தரவைத் துடைத்துவிட்டு, `pg_basebackup` என்ற கருவியை ஓட்ட வேண்டும். அது db1இலிருந்து முழுத் தரவையும் இழுத்துக்கொள்ளும். ஓட்டினார். இணைப்பு எல்லை போதவில்லை என்று மறுத்தது. db1இல் அமைப்பை மாற்றி மறுபடி இயக்கப் பார்த்தார். இப்போது db1 எழ மறுத்தது. இன்னொரு அமைப்பைக் குறைத்து அதை எழுப்பினார். மறுபடி கருவியை ஓட்டியபோது பிழை எதுவும் சொல்லவில்லை, வேலையும் செய்யவில்லை. திரை அப்படியே நின்றது. எரிச்சல் தலைதூக்கத் தொடங்கியது என்று அவர்களுடைய பதிவிலேயே இருக்கிறது.

காலியாக இருந்தாலும் தரவு அடைவு என்ற ஒன்று db2இல் இருப்பதால்தான் கருவி தயங்குகிறதோ என்று அவருக்குத் தோன்றியது. அந்த அடைவை நீக்கக் கட்டளை கொடுத்தார். ஓரிரு நொடிகளில் திரையில் இருந்த பெயரைக் கவனித்தார். அது db2 அல்ல, db1. உடனே நிறுத்தினார். சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் எஞ்சியது ஏறக்குறைய 4.5 ஜிபி.

பிறகு காப்புப்பிரதிகளைத் தேடினார்கள். தினசரிக் காப்புப்பிரதி போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. டேட்டாபேஸின் பதிப்பும் காப்புப்பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பும் வேறுபட்டதால் அந்த வேலை தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது தற்செயல். அதே நாள் மாலை 5.20 மணியளவில், வேறொரு சோதனைக்காக ஒருவர் கையால் எடுத்த ஒரு பிரதி இருந்தது. அதை வைத்து மறுநாள் மாலை தளத்தை மீட்டார்கள். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள். ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தரவு திரும்பி வரவில்லை. அவர்களுடைய மதிப்பீட்டின்படி சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனாளர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. நிரல்கள் வேறிடத்தில் இருந்ததால் அவை தப்பின.

இந்தப் பதிவைப் படிக்கும்போது என் கண் நிற்பது அந்தக் கட்டளையில் அல்ல, அதற்கு முன்னால். கருவி ஏன் பேசாமல் நின்றது தெரியுமா? அது பழுதாகவே இல்லை. db1 தரவை அனுப்பத் தயாராகும் வரை அமைதியாகக் காத்திருப்பது அதன் இயல்பு. சற்றுப் பொறுத்திருந்தால் தானாக ஓடியிருக்கும். அந்த ஒரு வரி அவர்களுடைய ரன்புக்கில் இல்லை. "இந்தக் கருவி சில நிமிடங்கள் எதுவும் காட்டாமல் நிற்கும், பதற வேண்டாம்" என்று பகலில் யாராவது எழுதி வைத்திருந்தால் அன்றைய இரவு வேறு மாதிரி முடிந்திருக்கும். ரன்புக் எழுதும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். செய்தபின் திரையில் என்ன தெரியும், எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதைச் சிலரே எழுதுகிறார்கள். இரவில் விழிப்பவருக்கு அதிகம் தேவைப்படுவது இந்த இரண்டாவதுதான்.

மூன்று கேள்விகளை இங்கே பொருத்திப் பாருங்கள். நகல் நின்றுபோனதால் மட்டும் எந்தப் பயனாளருக்கும் உடனடிப் பாதிப்பு இல்லை. காலை வரை நகல் இல்லாமல் ஓடுவதில் ஆபத்து இருந்தது உண்மைதான். ஆனால் நாள் முழுக்க வேலை செய்து களைத்த ஒருவர், முதன்மை டேட்டாபேஸின் அமைப்புகளை மாற்றுவதிலும் அடைவுகளை நீக்குவதிலும் இருந்த ஆபத்து அதைவிடப் பெரிது. இதை எழுதுவது அவரைக் குறை சொல்ல அல்ல. பத்து வருட அனுபவம் உள்ள எவரும் அந்த நாற்காலியில் அதையே செய்திருக்கலாம்.

அந்த நாற்காலியில் உட்காருபவரைக் காக்கும் பழக்கங்கள் எளியவை. அழிக்கும் கட்டளை எதையும் கொடுக்குமுன், எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று சர்வரையே கேட்க வேண்டும். அழிப்பதற்குப் பதிலாகப் பெயரை மாற்ற வேண்டும்.

```
hostname
mv data data.old
```

முதல் வரிக்கு db1 என்று பதில் வந்தால் கை தானாக நிற்கும். இரண்டாவது வரி அடைவை அழிப்பதில்லை, பெயரை மட்டும் மாற்றுகிறது. தவறான சர்வரில் கொடுத்திருந்தாலும் டேட்டாபேஸ் தடுமாறி நின்றிருக்கும், ஆனால் 300 ஜிபியும் அங்கேயே இருந்திருக்கும். வட்டு நிரம்பிவிட்டது என்ற அலர்ட்டுக்கு மட்டும் இந்த வழி உதவாது, பெயரை மாற்றினால் இடம் விடுபடாது. அப்போதும் அழிப்பதைவிட வட்டின் அளவைக் கூட்டுவதோ, பழைய கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகர்த்துவதோ முதலில் பார்க்க வேண்டியவை. வேறு வழியே இல்லாமல் அழித்துத்தான் ஆக வேண்டும் என்றால், தொலைபேசியில் இன்னொருவரை வைத்துக்கொண்டு, எண்டர் அழுத்துமுன் அந்தக் கட்டளையை எழுத்துக்கு எழுத்து அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அந்த நிகழ்வுக்குப் பிறகு கிட்லேப் செய்யத் தீர்மானித்தவற்றில் ஒன்று, எந்தச் சர்வர், எந்தச் சூழல் என்பது பார்த்ததும் புரியும்படி கட்டளைத் திரையின் முகப்பு வரியை மாற்றுவது.

இன்னொரு பழக்கம், குறிப்பு எழுதுவது. குழுவின் அரட்டை அறையில் நேரத்தோடு ஒற்றை வரிகளாக எழுதிக்கொண்டே போக வேண்டும். "2.17 அலர்ட். 2.24 இணைப்புகள் நூறும் நிரம்பியுள்ளன. 2.31 பழைய பதிப்புக்குத் திரும்புகிறேன். 2.36 தோல்வி விகிதம் இறங்குகிறது." எழுந்து வந்து சேரும் செகண்டரி யாரையும் கேள்வி கேட்காமல் நிலையைப் புரிந்துகொள்ள இது போதும். எழுதுபவருக்கும் இதனால் நன்மை உண்டு: அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைச் செய்யுமுன் சொற்களாக்கும்போது, மந்தமான மூளைக்கு யோசிக்க ஒரு கணம் கிடைக்கிறது.

பாதிப்பு நின்றதும் உடனே படுக்கப் போய்விடக் கூடாது. கால் மணியோ இருபது நிமிடமோ வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தோல்வி விகிதம் இறங்கிவிட்டதா, இணைப்புகளின் எண்ணிக்கை பழையபடி ஏறாமல் நிற்கிறதா என்று உறுதி செய்தபின், காலையில் பார்க்க வேண்டியதை ஒரு பத்தியாக எழுதிவிட்டுத் தூங்கலாம். மூடப்படாத இணைப்பு எந்த வரியில் என்பது பகலுக்கு உரிய வேலை.

பகலில் போஸ்ட்மார்ட்டம் எழுதுகிறார்கள். யார் செய்தது என்பதை விட்டுவிட்டு, அமைப்பு ஏன் அதை அனுமதித்தது என்று கேட்கும் ஆவணம். காரணம் தேடுவது, திருத்துவது, இந்த ஆவணத்தை எழுதுவது எல்லாம் சேர்த்து ஒரு நிகழ்வுக்குச் சராசரியாக ஆறு மணி நேரம் ஆகிறது என்பது கூகுளின் கணக்கு. அதனால்தான் பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு இரண்டு நிகழ்வுகளுக்கு மேல் வரக் கூடாது என்று அவர்கள் வரம்பு வைத்தார்கள். அதற்கு மேல் வந்தால் ஒவ்வொன்றும் அரைகுறையாக முடியும், அரைகுறையாக முடிந்தது அடுத்த வாரம் மறுபடி எழுப்பும்.

வரும் அலர்ட்டுகளில் தேவையற்றவற்றை நீக்குவதும் பகல் வேலைதான். எழுந்து பார்த்தால் செய்வதற்கு எதுவுமே இல்லை, தானாகச் சரியாகிவிட்டது என்ற வகை அலர்ட்டுகள் மெல்லக் கொல்பவை. ஒரே இரவில் அப்படி மூன்று முறை எழுந்தவர், நான்காவதைப் படிக்காமலேயே அக்நாலட்ஜ் அழுத்திவிட்டுத் திரும்பிப் படுப்பார். அந்த நான்காவதுதான் உண்மையானதாக இருக்கும். சர்வரின் செயலி 90 விழுக்காடு ஓடுகிறது என்பது ஒருவரை எழுப்பப் போதுமான காரணம் அல்ல. அது அவ்வளவு ஓடினாலும் வாடிக்கையாளருக்கு எல்லாம் வேகமாகவே நடக்கலாம். வாடிக்கையாளருக்குப் பாதிப்பு, மனிதர் உடனே செய்ய ஏதோ இருக்கிறது என்ற இரண்டும் சேர்ந்தால் மட்டும் பேஜ். மற்றவை காலையில் பார்க்கும் பட்டியலுக்குப் போகட்டும்.

ஆன்-கால் வாரத்துக்குச் சில நிறுவனங்கள் தனித் தொகை தருகின்றன, சில மாற்று விடுப்பு தருகின்றன, எதுவும் தராதவையும் உண்டு. தொகை எவ்வளவு என்பதைவிட, இரவு விழித்தவர் மறுநாள் காலை என்ன செய்யுமாறு எதிர்பார்க்கப்படுகிறார் என்பதை வைத்தே நான் ஒரு குழுவை எடைபோடுவேன். மூன்றரை மணிக்குப் படுத்தவரை ஒன்பதரை மணிக் கூட்டத்துக்கு அழைக்கும் இடத்தில், அடுத்த இரவும் அதே மூளைதான் சர்வருக்குள் நுழையும்.

குழுவை நடத்துபவராக இருந்தால், கடந்த மாதத்தின் அலர்ட் பட்டியலை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். இரவில் வந்தவை எத்தனை, அவற்றில் எழுந்தவர் உண்மையில் ஏதாவது செய்ய நேர்ந்தது எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டாவது எண் முதலாவதில் பாதிகூட இல்லை என்றால், புதிய வசதிகளைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அந்த விதிகளைத் திருத்தச் சொல்லுங்கள். நேற்று இரவு எழுந்தவரை இன்று மதியத்துக்குப் பிறகு வரச் சொல்லுங்கள்.